ஒரு மணி நேரப் பேட்டி, கடைசியில் அரை நொடி விலகல்: எப்படிச் சரிசெய்வது?

வணக்கம். அங் மோ கியோவிலிருந்து நான் கேட்க, ஈப்போவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை பதில் சொன்ன பேட்டி இது. ஸூமில் ஆளுக்கொரு ஒலிக்கோப்பு சேமிக்கும் வசதியை இயக்கியிருந்தேன். என் இருமலை மட்டும் வெட்டியெடுக்க அது போதும். ஆனால் அவர் குரல் இணையம் வழியே சுருங்கி வந்தது. இணைப்பு தடுமாறிய இடங்களில் சில சொற்களே இல்லை. நல்லவேளை, அவர் தன் கைப்பேசியிலும் பதிவு செய்து அனுப்பினார். இயர்போன் போட்டிருந்ததால் என் குரல் அதில் கலக்கவில்லை, அவ்வளவு தெளிவு.

தொடக்கத்தில் இருவரும் கைதட்டிய சத்தத்தை வைத்து, அவர் அனுப்பிய பதிவை என் டிராக்கோடு பொருத்தினேன். முதலில் சரியாக இருந்தது. போகப் போக விலகி, கடைசியில் அவர் பதில் அரை நொடி பிந்துகிறது. இரண்டுமே 48 கிலோஹெர்ட்ஸ்தான். அப்படியென்றால் கருவிகளின் கடிகார வேறுபாடுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆடாசிட்டியில் அவர் டிராக்கின் வேகத்தை 0.014 சதவீதம் கூட்டினால் கணக்குப்படி சரியாகும், குரலும் மாறித் தெரியாது. விலகல் சீராக இல்லாவிட்டால்? அப்போது கேள்விகளுக்கு இடையிலான மௌனங்களில் வெட்டி நகர்த்துவதுதான் வழியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.