பத்து நிமிஷம் நன்றாக ஓடும் கேம் அப்புறம் ஏன் திணறுகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேலூர்ப் பாண்டி

மூன்று வாரமாக இதே வேலையாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆடுவது BGMI. `Graphics` Smooth, `Frame Rate` Extreme, அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம். போன் நடுத்தர விலை, வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் பத்து நிமிஷம் வழுக்கிக்கொண்டு ஓடும். வட்டம் சுருங்கி, நாலைந்து பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில்தான் திணறத் தொடங்கும். ஸ்கோப்பில் குறி வைத்தால் எதிராளி ஓடுவது தெரியாது. இங்கே ஒரு தரம், நாலடி தள்ளி ஒரு தரம் என்று விட்டு விட்டுத் தெரிவான்.

வெறும் உணர்வை நம்ப வேண்டாம் என்று அளந்து பார்த்தேன். லேப்டாப்பிலிருந்து இந்த இரண்டு கமாண்ட்:

```
adb shell dumpsys battery
adb shell dumpsys thermalservice
```

முதலாவதில் `temperature: 346` என்று வந்தால் பேட்டரி 34.6 டிகிரி. பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் `Thermal Status` வரியை மட்டும் பார்த்தால் போதும். 0 என்றால் கவலை இல்லை, எண் ஏற ஏற போன் தன்னைத்தானே இறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒயரில் செருகி அளக்காதீர்கள். ஒயர் வழியாகச் சார்ஜ் ஏறி அதுவே சூடாக்கிவிடும். வயர்லெஸ் டிபக்கிங்கில் இணைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணி, அறைக்குள் 34 டிகிரி. ஆட்டம் தொடங்கும்போது பேட்டரி 34.6. பன்னிரண்டாவது நிமிஷம் 41.8, ஸ்டேட்டஸ் 2. அந்த நேரத்தில் திரை தானாகவே மங்கியது. ஓரத்தில் 60 காட்டிக்கொண்டிருந்த எண் 38-க்கும் 47-க்கும் நடுவே ஏறி இறங்கியது. உங்களுக்கும் இப்படித்தானா? என்ன செட்டிங் வைத்து ஆடுகிறீர்கள்?

வைகைக்கரை

எனக்கும் இதே லேக்தான் ப்ரோ. சிம் கம்பெனியை மாற்றினேன், சரியாகிவிட்டது. வீட்டில் வைஃபை 5 GHz-ல் போட்டுப் பாருங்கள், பிங் குறையும்.

மேலூர்ப் பாண்டி

நெட் இல்லை ப்ரோ, ஆட்டம் முழுக்கப் பிங் 40-ஐத் தாண்டவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் செய்வது இதுதான். எதிராளி யாரும் இல்லாத இடத்தில் நின்று, விரலை இழுத்து நம் ஆளைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுவது சீராக இருந்து, மற்றவர்கள் மட்டும் குதித்தால் நெட் கோளாறு. சுற்றும்போது சுவரும் மரமுமே வெட்டி வெட்டி நகர்ந்தால் போன் படம் வரைய முடியாமல் தவிக்கிறது. எனக்கு இரண்டாவது.

ஸ்னைப்பர் சேலம்

தம்பி, Smooth-ல் வைத்துவிட்டால் சூடு கிராபிக்ஸால் வராது. அதற்கு மேல் குறைக்க ஒன்றும் இல்லை. பின்னால் ஓடும் ஆப்களை மூடு, RAM காலியாகட்டும். போனில் 90 ஃப்ரேம் வசதி இருந்தால் அதையே போடு. Smooth லேசானதுதானே, தாங்கும். நான் HDR-ல் இருந்து Smooth-க்கு வந்ததும் நிஜமாகவே சூடு குறைந்தது.

கோத்தகிரி ஜெனி

பாண்டி அண்ணா, உங்களிடம் இருக்கும் மாடலேதான் என்னிடமும். அதே Smooth, Extreme. நேற்று இரவு ஒரே மூச்சில் 50 நிமிஷம் ஆடினேன். அறையில் 17 டிகிரி. ஒரு தடவைகூட 60-ஐ விட்டு இறங்கவில்லை, பின்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். போன மாதம் ஈரோட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது இதே போன் கால்மணி நேரத்தில் படுத்துவிட்டது. அன்றைக்கு போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது.

உஷா_லேப்

ஜெனி சொன்னதில்தான் விடை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன்களைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் வேலையில் எட்டு வருஷம் இருந்தேன். தோராயமாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

போனுக்குள் விசிறி கிடையாது. உள்ளே பிறக்கும் சூடு மேல்தோல் வழியாகத்தான் காற்றில் கலக்க வேண்டும். சாதாரண அளவுள்ள போன், அறைக்காற்றை விட ஒவ்வொரு டிகிரி அதிகச் சூட்டுக்கும் ஏறக்குறைய கால் வாட் வெளியேற்றும். மேல்தோல் 43 டிகிரியை நெருங்கினால் மென்பொருள் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எல்லை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பாண்டியின் அறை 34. வித்தியாசம் 9 டிகிரி. ஆக, எவ்வளவு நேரம் ஆடினாலும் இரண்டேகால் வாட்டுக்கு மேல் வெளியே போகாது. ஜெனியின் அறை 17. வித்தியாசம் 26, அதாவது ஆறரை வாட். கேம் 60 ஃப்ரேமில் திரையோடு சேர்த்து 4 வாட் இழுத்தால் கோத்தகிரியில் விடிய விடிய ஆடலாம், மேலூரில் முடியாது.

அப்படியானால் அந்த முதல் பத்து நிமிஷம் எப்படி ஓடியது? 200 கிராம் எடையுள்ள போன் ஒரு டிகிரி ஏறச் சுமார் 180 ஜூல் வேண்டும். வெளியேற முடியாத சூட்டையெல்லாம் போனின் உடம்பு வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தக் கொள்ளளவு நிரம்பப் பத்து நிமிஷம் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே நேரம்தான் வரும். கடையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லாப் போனும் வேகமாகத் தெரிவதற்குக் காரணமும் இதுதான். அங்கே யாரும் பத்து நிமிஷம் ஆடுவதில்லை.

இன்னொன்று, இந்தக் கட்டுப்பாடு சிப்புக்காக வைத்தது இல்லை. சிப் 80, 90 டிகிரியைக்கூடத் தாங்கும். கையில் பிடிப்பவருக்குச் சுடக்கூடாது, பேட்டரி கெடக்கூடாது என்பதற்காகத்தான். அதனால் அதை முடக்க வழி சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

சேலம் தம்பி சொன்னது பாதி சரி. Smooth வைத்தால் ஒவ்வொரு படத்தையும் வரைகிற வேலை குறையும். HDR-லிருந்து இறங்கியதும் அவருக்குச் சூடு குறைந்தது அதனால்தான். ஆனால் நொடிக்கு எத்தனை படம் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். 60-ல் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி கிடைக்கும். 90-ல் 11.1 தான். அதற்குள் முடிக்க சிப் வேகமாக ஓட வேண்டும், வேகம் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே மின்செலவு அதன் வர்க்கத்தில் ஏறும். ஆட்டக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள், குண்டு எங்கே பட்டது என்று கணக்கிடும் CPU வேலையும் Smooth-ஆல் பெரிதாகக் குறையாது. RAM காலி செய்வது சூட்டுக்கு மருந்தே இல்லை.

தாமரைச்செல்வி

என் பையன் பன்னிரண்டாம் வகுப்பு. சார்ஜ் போட்டுக்கொண்டே மெத்தையில் படுத்து ஆடுகிறான். போன் தொட முடியாமல் கொதிக்கிறது. சூடானால் ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிஷம் வைத்து எடுக்கிறான். செட்டிங் எல்லாம் எனக்குத் தெரியாது. வெடித்துவிடுமா என்றுதான் பயம்.

மணி செல் சர்வீஸ்

அக்கா, முதலில் அந்த ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொல்லுங்க. போன மே மாதம் என் கடைக்கு ஒரு போன் வந்தது. தண்ணீரில் விழவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். பிரித்தால் போர்டில் கேமரா கனெக்டர் பக்கம் பச்சை பூத்திருந்தது. விசாரித்தால் இதே கதை. குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் உள்ளேயும் வியர்த்து நிற்கும். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரிதான்.

சார்ஜ் போட்டு ஆடுவதும் வேண்டாம். சார்ஜ் ஏறும் சூடும் கேம் சூடும் ஒன்றாகச் சேர்கிறது, மெத்தை காற்றை அடைக்கிறது. வெடிப்பது அபூர்வம், ஆனால் பேட்டரி சீக்கிரம் கெடும். பின்மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கியிருக்கிறதா, போனைத் தட்டையான மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று இன்றைக்கே பாருங்க. அப்படி இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்க.

பாண்டி, ரப்பர் கவரைக் கழற்றிவிட்டு ஆடிப் பாருங்க. அதற்கே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் தெரியும்.

மேலூர்ப் பாண்டி

உஷா அக்கா, அந்த 180 ஜூல் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ரொம்ப நன்றி அக்கா.

இன்று அதே மூன்று மணிக்கு மறுபடி அளந்தேன். கவரைக் கழற்றினேன், சார்ஜ் இல்லை, திரை வெளிச்சம் பாதி. `Frame Rate` மட்டும் Ultra, அதாவது 40. இருபத்தைந்தாவது நிமிஷம் 41.0-க்கு வந்து அங்கேயே நின்றது. ஸ்டேட்டஸ் 1-க்கு ஏறியது, ஆனால் ஃப்ரேம் 40-லிருந்து அசையவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு மேசை விசிறியைப் போனின் முதுகுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். 39.2-ஐத் தாண்டவே இல்லை. விசிறி தருவதும் அதே 34 டிகிரிக் காற்றுதான், இருந்தும் ஓடும் காற்று இவ்வளவு சூட்டை வாங்கிப் போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

கடைசி வட்டத்தில் எதிராளி சீராக ஓடுவதைப் பார்த்தேன். 60-ல் தொடங்கி 38-க்கு விழுவதை விட முதலிலிருந்தே 40-ல் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கைக்கு ஒரே வேகம் பழகிவிடுகிறது.

ஸ்னைப்பர் சேலம்

நானும் 40 போட்டுப் பார்த்தேன் தம்பி. சூடு குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் திரும்பும்போது ஒரு நடுக்கம் தெரிகிறது. 30-ல் வைத்தால் மெதுவாக இருந்தாலும் அந்த நடுக்கம் இல்லை. இது எப்படி?

உஷா_லேப்

உங்கள் திரை 60 ஹெர்ட்ஸாக இருக்கும். 60-ஐ 40-ஆல் வகுத்தால் முழு எண் வராது. ஒரு படம் திரையில் ஒரு தடவை காட்டப்படும், அடுத்தது இரண்டு தடவை, மறுபடி ஒன்று. அந்தத் தடுமாற்றத்தைத்தான் பார்க்கிறீர்கள். 30 சரியாக இரண்டிரண்டாக விழும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 மும்மூன்றாக விழும், நடுக்கம் இருக்காது.

மேலூர்ப் பாண்டி

என்னுடையது 120 ஹெர்ட்ஸ்தான் அக்கா. ஆனால் டெவலப்பர் ஆப்ஷனில் `Show refresh rate` போட்டுப் பார்த்தால் கேமுக்குள் போனதும் 60 என்றுதான் காட்டுகிறது. செட்டிங்கில் 120-ஐக் கட்டாயமாக்கினாலும் அப்படியே இருக்கிறது. 120-க்கு ஏறினால் திரையே அதிகம் மின்சாரம் தின்னுமே, அப்போது 40-ல் மிச்சப்படுத்திய சூடு திரும்ப வந்துவிடுமா?

கோத்தகிரி ஜெனி

என் போனிலும் 60 தான் காட்டுகிறது அண்ணா. ஞாயிற்றுக்கிழமை 40 வைத்து அளந்து போடுகிறேன். இங்கே சூடு கணக்கில் வராது, அதனால் நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.