சப்போர்ட் இடைவெளி: 0.2-க்கும் 0.4-க்கும் நடுவே என்ன செய்வது?

வணக்கம். கம்பத்தில் இருக்கிறேன். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயருக்காக ஒரு பிடிமானம் 3டி பிரிண்ட் செய்கிறேன். பிஎல்ஏ, லேயர் உயரம் 0.2 மி.மீ. அதன் அடியில் 40 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான பரப்பு ஒன்று தொங்குகிறது.

முதலில் ட்ரீ சப்போர்ட் போட்டேன். கையால் இழுத்ததும் வந்துவிட்டது. ஆனால் கிளை நுனிகள் தொட்ட இடம் மட்டும் சரியாக இருக்க, நடுவில் இழைகள் தொய்ந்துவிட்டன. வளைந்த பொம்மைகளுக்கு அதுதான் அருமை, தட்டைப் பரப்புக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் நார்மல் சப்போர்ட், மேலே 3 இன்டர்ஃபேஸ் லேயர். சப்போர்ட்டுக்கும் பரப்புக்கும் நடுவே விடும் `Top Z distance` 0 வைத்தால் ஒட்டிக்கொண்டு பரப்பையே பிய்க்கிறது. 0.2-இல் இடுக்கி வைத்துத்தான் கழற்ற முடிகிறது, வெள்ளைத் தழும்பும் விழுகிறது. 0.3 கொடுத்துப் பார்த்தேன். என் ஸ்லைசரில் இடைவெளி முழு லேயர்களாகத்தான் அமைகிறது. பிரிவ்யூவில் எண்ணினால் 2 லேயர், அதாவது 0.4. எளிதாகக் கழன்றது, அடிப்பரப்பு நூல் நூலாகத் தொங்கியது.

லேயரை 0.12 ஆக்கி, 2 லேயர் விட்டு 0.24 இடைவெளி வைக்கலாமா? அல்லது 0.2-லேயே வைத்து இன்டர்ஃபேஸ் கோடுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டால் போதுமா? தட்டைப் பரப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் உங்கள் அளவுகளைச் சொல்லுங்கள்.