சத்துக் குறைவு என்று இரும்பு மாத்திரை தின்ற மூன்று மாதம்

மதுரைக்காரர்
எனக்கு 52 வயது. குளித்துவிட்டுத் துவட்டியதும் முதுகெல்லாம் எறும்பு ஊர்வது போல அரிக்கும். சோப்பை மாற்றினேன், அலர்ஜி மாத்திரை தின்றேன், இரண்டு வருடம் அப்படியே போனது. வேறு எதற்கோ ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 18.9, ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதமான பி.சி.வி. 57. சிவப்பணு செய்யச் சொல்லி சிறுநீரகம் அனுப்பும் எரித்ரோபொயட்டின் ஹார்மோன் அளவு குறைவு, ஜாக்-2 என்ற மரபணு மாற்றம் பாசிட்டிவ். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா என்றார்கள்.

தினமும் ஆஸ்பிரின் 75. அதோடு பி.சி.வி.யைக் குறைக்க வாரம் ஒருமுறை ரத்தத்தை எடுத்து வெளியேற்றினார்கள். சில மாதங்களில் பி.சி.வி. 44க்கு வந்தது. ஆனால் மாடிப்படி ஏறவே முடியாத அசதி. எங்கள் ஊர் டாக்டர் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்பதைப் பார்த்து, "உடம்பில் இரும்பே இல்லையே" என்று மாத்திரை எழுதினார். பெயரைச் சொல்ல விரும்பவில்லை, நல்ல மனிதர். நானும் நம்பித் தின்றேன். முதல் மாதம் தெம்பாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் தலை கனத்தது, விரல் நுனிகள் சிவந்து எரிந்தன, கண் ஓரத்தில் மின்னல் போல வெட்டியது. பி.சி.வி. 52! ரத்தநோய் மருத்துவர் சொன்னார்: "இரும்பை நாங்கள்தான் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறோம்."

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? அசதிக்கு என்ன செய்கிறீர்கள்?

கோவை சகோதரி
எனக்கும் ஜாக்-2தான் அண்ணா, ஆனால் பிளேட்லெட் கூடுகிற வகை. 9 லட்சம். முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்துங்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் ரத்தம் தானாக நீர்த்துவிடும்.

திண்டுக்கல்
என் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8. டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார். இதைப் படித்ததும் பயமாகிவிட்டது. நிறுத்திவிடலாமா?

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்
திண்டுக்கல் தம்பி, முதலில் உங்களுக்கு: நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு ரத்தம் குறைவு, இங்கே பேசுவது ரத்தம் கூடுகிற நோய். ஏன் குறைந்தது என்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

மதுரை சார், ஜாக்-2 மாறியவர்களின் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம் கேட்காமலேயே சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருக்கும். அதற்கு மூலப்பொருள் இரும்பு. ஒருமுறை 450 மி.லி. எடுத்தால் 200 மி.கி.க்கு மேல் இரும்பு போய்விடுகிறது. அப்படிப் பட்டினி போட்டுத்தான் மஜ்ஜையை அடக்குகிறார்கள். மாத்திரை போட்டால் அடுப்பில் விறகைத் தள்ளியது போலத்தான். பி.சி.வி.யை 45க்குள் வைக்க வேண்டும் என்ற கணக்கும் சும்மா வந்ததில்லை. 2013இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், 45க்குக் கீழே வைத்தவர்களைவிட 45 முதல் 50 வரை விட்டவர்களுக்கு ரத்தக்கட்டும் இதய மரணமும் சுமார் நான்கு மடங்கு.

சகோதரி, சாப்பாட்டை இவ்வளவு ஒடுக்க வேண்டாம். கீரையிலிருந்து உடம்பு எடுப்பது கொஞ்சம்தான், வம்பு செய்வது மாத்திரையும் ஊசியும். தண்ணீர் விஷயம் பாதி சரி. உடம்பு வறண்டால் பி.சி.வி. ஏறும், வெயிலில் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் கூடிப்போன அணுக்களை அது குறைக்காது. உங்கள் பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டினால் ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று கேளுங்கள். அந்த அளவில் சிலருக்கு உறைவதற்குப் பதில் ரத்தம் கசியும்.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று. ஒரு பெண், ஹீமோகுளோபின் 13தான், யாருக்கும் சந்தேகமே வராது. வயிற்றுவலி என்று வந்தார், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு. ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்தால் சிவப்பணு எண்ணிக்கை 65 லட்சம், அணுக்கள் மட்டும் மிகச் சிறியவை. இரும்புக்குறைவு நோயை மறைத்து வைத்திருந்தது. ஜாக்-2 பாசிட்டிவ் வந்தது.

கோவை சகோதரி
அப்படியானால் அசதியைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதானா? என் டாக்டர், வேறு ஒருவருக்கு இரண்டு வாரம் மட்டும் இரும்பு கொடுத்து, வாராவாரம் ரத்தம் பார்த்ததாகச் சொன்னார்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்
கொடுப்பவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. பலர் செய்வது, அணுக்கள் பெருகுவதை அடக்கும் ஹைட்ராக்ஸியூரியாவோ இன்டர்ஃபெரானோ ஆரம்பித்து ரத்தம் எடுப்பதைக் குறைப்பது. இரும்பு மெதுவாகத் தானே ஏறும்.

மதுரைக்காரர்
எனக்கும் அதையேதான் சொன்னார்கள். 60 வயதாகவில்லை, முன்பு ரத்தக்கட்டும் வந்ததில்லை, அதனால்தான் முதலில் அந்த மருந்து தரவில்லையாம். இப்போது ஹைட்ராக்ஸியூரியா 500, தினம் ஒன்று. இரண்டு முறை ரத்தமும் எடுத்தார்கள், பி.சி.வி. 46. அசதி பாதி இருக்கிறது. அரிப்பு போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்கிறேன். அப்புறம் கால் மணிநேரம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால்தான் சட்டை போட முடிகிறது. அரிப்புக்கு யாரிடமாவது வேறு வழி இருந்தால் எழுதுங்கள்.