84 பேர், 5 ரவுண்டு: சுவிஸ் பேரிங்கில் முதல் பரிசு யாருக்கு?

வெண்ணாற்றங்கரை: கும்பகோணத்துல ஒருநாள் ரேபிட் செஸ் போட்டி, ஒரே பாயிண்ட் எடுத்தவங்களை மோத விடுற சுவிஸ் முறை. 84 பேர், ஆளுக்கு 25 நிமிஷம், 5 ரவுண்டு. ரெண்டு மூணு பேர் அஞ்சுக்கு அஞ்சு எடுத்துட்டா என்ன பண்றது? பேரிங்கிலேயே தடுக்க முடியுமா?

மன்னைக் குதிரை: ஆக்சிலரேட்டட் பேரிங் போடுங்க. சாதாரண சுவிஸ்ல முதல் ரவுண்டுல பட்டியல்ல 1-ஆவது ஆளுக்கு 43-ஆவது ஆள், 2-க்கு 44 வரும். பலமானவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்க. மேல் பாதி 42 பேருக்கு பேரிங் கணக்குக்கு மட்டும் ஒரு பாயிண்ட் கூட்டினா, 1-க்கு 22, 2-க்கு 23 வரும். பிரச்சினை தீர்ந்தது.

குடந்தை ஆர்பிட்டர்: தீராது. அதெல்லாம் பட்டியல் ரேட்டிங்படி சரியா இருந்தாத்தான். நம்ம ஊர் போட்டியில 84-ல 20 பேருக்கு ரேட்டிங் இருந்தா அதிசயம். மிச்சப் பேரை சாஃப்ட்வேர் பெயர் வரிசையில அடுக்கும். அப்போ அபிநயாவுக்கு ஒரு பாயிண்ட், விக்னேஷுக்கு இல்ல!

கணக்கைப் பாருங்க. டிரா இல்லேன்னா முழுப் புள்ளியோட நிக்கிறவங்க 42, 21, அப்புறம் அதிகபட்சம் 11, 6, 3. அஞ்சாவது ரவுண்டு முடிஞ்சும் மூணு பேர் மிஞ்சலாம். ஆறுல 2, ஏழுல 1. அதனால 15 நிமிஷமாக் குறைச்சு 7 ரவுண்டு வைங்க. இடைவெளி 15 நிமிஷம் சேர்த்தா ரவுண்டுக்கு 45 நிமிஷம், மொத்தம் 5 மணி 15 நிமிஷம். உங்க 5 ரவுண்டுக்கு 5 மணி 25 ஆகுதே.

திருவாரூர் அப்பா: என் பையனும் அவன்கிட்ட தோத்த பையனும் தலா 4 பாயிண்ட். தோத்தவன் நாலாவது, இவன் ஆறாவது. இதுவா சுவிஸ்?

குடந்தை ஆர்பிட்டர்: அது பேரிங் இல்ல சார், சம பாயிண்ட் எடுத்தவங்களைப் பிரிக்கிற டைபிரேக். நேரடி மோதலை முதல்ல வைக்காம, எதிராளிகள் எடுத்த பாயிண்டைக் கூட்டுற புக்ஹோல்ஸை வச்சிருப்பாங்க. அதுலயும் ஒரு வம்பு இருக்கு. ரெண்டு பேர் 5/5. ஒருத்தரோட எதிராளிகள் 2, 2, 3, 3, 4: மொத்தம் 14. இன்னொருத்தருக்கு 0, 3, 3, 3.5, 4: மொத்தம் 13.5. அந்த 0 எடுத்தவர் ரெண்டு ரவுண்டு தோத்துட்டு மத்தியானமே பஸ் ஏறிட்டார். அதுக்கு ஜெயிச்சவர் என்ன பண்ணுவார்? குறைஞ்ச ஒண்ணை விட்டுட்டுக் கூட்டுற 'கட் 1' போட்டா 12-க்கு 13.5, கோப்பை கை மாறிடும். எதுவானாலும் முதல் ரவுண்டுக்கு முன்னாடியே சுவர்ல ஒட்டிடுங்க.

மன்னைக் குதிரை: 15 நிமிஷம்னா கடைசி நிமிஷத்துல காய் எல்லாம் உருளும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில செகண்ட் கூட்டுற இன்க்ரிமென்ட் இல்லாம 42 போர்டுல நேரம் தீர்ந்து கொடி விழுந்த தகராறை எத்தனை ஆர்பிட்டர் பார்ப்பாங்க? அஞ்சு ரவுண்டே வச்சு, 5/5 வந்தவங்களுக்கு மட்டும் பிளிட்ஸ் வைக்கலாம்.

குடந்தை ஆர்பிட்டர்: மூணு பேர் வந்தா யாரை உட்கார வைப்பீங்க?

வெண்ணாற்றங்கரை: எங்ககிட்ட இன்க்ரிமென்ட் வைக்கிற டிஜிட்டல் கிளாக் 18 தான் இருக்கு. மேல் போர்டுகளுக்கு மட்டும் இன்க்ரிமென்ட் கொடுத்தா ஒத்துக்குவாங்களா?

மன்னைக் குதிரை: 19-ஆவது போர்டுல உட்கார்றவன் சும்மா இருப்பானா?