சிறுகதையின் நடுப்பகுதி தொய்கிறது, உதவி தேவை

ஒரு சிறுவன் 26 வாரக் கைச்செலவுக் காசைச் சேர்த்து, ஆசைப்பட்ட ஒரே ஒரு வீடியோ கேமை வாங்கும் கதை. மொத்தம் 1,500 சொற்கள். கடைக் கண்ணாடிக்கு முன் அவன் நிற்கும் தொடக்கமும், உறையைப் பிரிக்கும் முடிவும் சரியாக நிற்கின்றன. சிக்கல் இடையில் உள்ள 800 சொற்களில்.

முதலில் வாரவாரியாக எழுதினேன். கணக்குப் புத்தகம் போல ஆகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் தொகை ஏறுவதைத் தவிர எதுவும் மாறவில்லை, அதுதான் காரணம். அடுத்து நாட்குறிப்பாக மாற்றினேன். ஆசையை அவனே வாய்விட்டுச் சொல்லிவிடுவதால் வாசகர் உணர ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாம் வரைவில் காலத்தைப் பொருள்களே காட்டுகின்றன. வெயிலில் அட்டைப்படத்தின் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலம் மட்டும் எஞ்சுகிறது. காசு நிறைய நிறைய, தகர டப்பா குலுங்கும் ஓசை அடங்குகிறது. இது பிடித்திருக்கிறது, ஆனால் 300 சொற்களுக்குமேல் தாங்கவில்லை.

19-ஆவது வாரத்தில் தங்கையின் மூக்குக்கண்ணாடி உடைய, மூன்று வாரச் சேமிப்பு போகிறது. கதையில் உண்மையான தடை அது ஒன்றுதான்.

முந்தைய வாரங்களை வெட்டிவிட்டு அங்கிருந்தே தொடங்கினால், உறை பிரியும்போது அத்தனை மாதக் காத்திருப்பின் கனம் வாசகருக்கு வந்து சேருமா?