செஸ்ட் ஸ்ட்ராப் போன்ல கனெக்ட் ஆகுது, ஆனா ஆப்ல வரவே மாட்டேங்குது, உதவி ப்ளீஸ்

ரைடர்_முருகு:
புதுசா ஹார்ட் ரேட் செஸ்ட் ஸ்ட்ராப் வாங்கினேன். போன் ப்ளூடூத் செட்டிங்ஸ்ல பேர் தெரியுது, தொட்டா பேரிங் ஆகுது, சில நேரம் "கனெக்டட்"னு கூட காட்டுது. ஆனா ரைடு ரெக்கார்டு பண்ற ஆப்ல போய் சென்சார் ஆட் பண்ணுனா தேடிட்டே இருக்கு, ஒண்ணும் வரல. ஆண்ட்ராய்டு 13. பெடல்ல மாட்டுற கேடன்ஸ் சென்சார் அதே ஆப்ல உடனே வந்துடுச்சு, அதனால ஆப் மேல சந்தேகம் இல்ல. பீஸ்தான் டிஃபெக்டா, திருப்பிக் கொடுத்துடலாமா?

தென்றல்:
லொக்கேஷன் ஆன்ல இருக்கா பாருங்க, அது இல்லாம ஆண்ட்ராய்டு ப்ளூடூத் தேடவே தேடாது. பேரிங் பண்ணும்போது பின் கேட்டா 0000 போடுங்க.

பாலா87:
எனக்கும் இதே பிரச்சனைதான், ரன்னிங் ஆரம்பிச்ச உடனே 200க்கு மேல காட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு தானா இறங்கி சரியாயிடும். எல்லா ஸ்ட்ராப்பும் இப்படித்தான்போல, நான் வாட்சுக்கே போயிட்டேன்.

சைக்கிள்காரன்:
பாலா, உங்களோடது வேற கேஸ். ஸ்ட்ராப்போட உள்பக்க ரப்பர் பட்டை காஞ்சிருந்தா ஸ்கின்ல கான்டாக்ட் சரியா இருக்காது, மேல டீஷர்ட் உரசுறது வேற சேர்ந்து கன்னாபின்னான்னு நம்பர் வரும். வேர்வை வந்ததும் அதுவே சரியாயிடும். மாட்டுறதுக்கு முன்னாடி பட்டையைத் தண்ணில நனைச்சுக்கிட்டா போதும்.

முருகு, ஸ்ட்ராப் டிஃபெக்ட் இல்லன்னுதான் நினைக்கிறேன். இந்த சென்சாரை ஹெட்செட் மாதிரி செட்டிங்ஸ்ல பேரிங் பண்ணவே கூடாது, பின்னும் கேட்காது. சும்மா இருக்கும்போது "நான் இங்க இருக்கேன்"னு சிக்னல் விட்டுட்டே இருக்கும், ஆப் அதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்குது. யாராவது ஒருத்தர் கனெக்ட் பண்ணிட்டா நிறைய மாடல் அந்த சிக்னலை நிறுத்திடும். போனே பிடிச்சு வச்சிருந்தாலும் அதே கதைதான், ஆப் தேடும்போது காதுல ஒண்ணுமே விழாது. சில மாடல் ரெண்டு கனெக்ஷன் வரைக்கும் விடும், உங்களோடது எதுன்னு மேனுவல்ல பாருங்க.

செட்டிங்ஸ்ல Forget கொடுங்க, பட்டையை நனைச்சு நெஞ்சுல மாட்டுங்க (மேஜைல வச்சா அது தூங்கிடும்), அப்புறம் ஆப்புக்குள்ள இருந்து மட்டும் தேடுங்க.

தென்றலுக்கு: லொக்கேஷன் விஷயம் பழைய வெர்ஷன்ல கட்டாயம். 12ல இருந்து Nearby devicesனு தனி பெர்மிஷன் வந்துடுச்சு, ஆனா சில ஆப் இன்னும் லொக்கேஷனும் கேட்கும். முருகுக்கு கேடன்ஸ் சென்சார் வந்துடுச்சுல்ல, அதனால பெர்மிஷன் இங்க பிரச்சனை இல்ல.

ரைடர்_முருகு:
Forget பண்ணேன், நனைச்சு மாட்டினேன், இப்பவும் வரல அண்ணா. இப்ப செட்டிங்ஸ்லயும் பேர் தெரியல.

சைக்கிள்காரன்:
அப்போ வேற எதோ பிடிச்சு வச்சிருக்கு. nRF Connectனு ஒரு இலவச ஆப் இருக்கு, அதுல ஸ்கேன் கொடுங்க. ஸ்ட்ராப் பேர் வந்து, உள்ள Heart Rate, 0x180Dனு தெரிஞ்சா ஸ்ட்ராப் ஃப்ரீயா இருக்குன்னு அர்த்தம், அப்போ உங்க ரைடு ஆப்பைத்தான் நோண்டணும். வரவே இல்லன்னா வீட்டுல வேற போன், டேப், வாட்ச், ட்ரெய்னர் எதுலயாவது முன்னாடி அந்த ஸ்ட்ராப்பை சேர்த்திருக்கீங்களான்னு யோசிங்க.

ரைடர்_முருகு:
ஸ்கேன்ல வரல! அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, ஸ்ட்ராப் கம்பெனி ஆப்பை அப்டேட்டுக்காக பழைய டேப்ல போட்டிருந்தோம், அது அடுத்த ரூம்ல சார்ஜ்ல கிடக்கு. நான் ஸ்ட்ராப் மாட்டுன நிமிஷமே அது போய் கனெக்ட் ஆகிட்டிருக்கு. டேப்ல ப்ளூடூத் ஆஃப் பண்ணதும் nRFல பேர் வந்துச்சு, ரைடு ஆப்ல தேடுன உடனே வந்துடுச்சு. சூப்பர் அண்ணா.

ஆனா இன்னொண்ணு. போன் ஸ்க்ரீன் ஆஃப் ஆகி கொஞ்ச நேரத்துல ஹார்ட் ரேட் ஒரே நம்பர்ல நின்னுடுது, ஸ்க்ரீனைத் தொட்டா திரும்ப ஓடுது.

தென்றல்:
இது பேட்டரி சேவர் வேலை, ஆப்போட பேட்டரி செட்டிங்ல Unrestricted போடுங்க. போன தடவை கோட்டை விட்டாலும் இது கரெக்டா இருக்கும் 😄

சைக்கிள்காரன்:
ஆமா, முதல்ல அதைத்தான் பாக்கணும். சில போன்ல இது தவிர "ஆட்டோ ஸ்டார்ட்" மாதிரி தனியா ஒரு கட்டுப்பாடு இருக்கும், அதையும் தேடுங்க. பாலா சொன்ன மாதிரி வாட்சுலயே ரெக்கார்டு பண்ணா இந்த தொல்லை இல்லதான், ஆனா அப்போ வாட்சும் போனும் ஒரே ஸ்ட்ராப்புக்கு அடிச்சுக்கும், பாத்துக்கோங்க. ஸ்ட்ராப், வாட்ச் ரெண்டுலயும் ANT+ இருந்தா அந்த சண்டையும் வராது, அதுல ஸ்ட்ராப் எத்தனை பேர் கேட்டாலும் பரப்பிட்டே இருக்கும்.

ரைடர்_முருகு:
Unrestricted போட்டேன். இன்னும் நடுவுல ஒரு தடவை நிக்குது, முன்ன அளவுக்கு இல்ல. போன் என்ன மாடல்னு சொன்னா யாருக்காவது தெரியுமா?