புதுப்பிப்பு: பில் மொத்தத்தில் 90.09 ரூபாய் இடித்தது, காரணம் கிடைத்துவிட்டது

நான் கேட்டது: "ஸ்கேன் செய்த பில்லிலிருந்து எடுத்த தொகைகளைக் கூட்டினால் 11,330.09 வருகிறது, பில்லில் 11,240. எங்கே தப்பு?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வரிக்கு முன்பே தள்ளுபடியைக் கழிக்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. சரக்கு 10,025.50, தள்ளுபடி 500. நான் முழுத் தொகைக்கும் 18% போட்டுவிட்டு, கடைசியில் 500 கழித்திருந்தேன். அந்த 500க்கான வரிதான் 90 ரூபாய்.

மிச்சம் 9 பைசா. "ஒரு ரூபாய் வரை கண்டுக்காதீங்க" என்றார் ஒருவர். பாதி சரி; அடியில் ரவுண்ட் ஆஃப் 10 பைசா கழித்திருந்ததை என் ஸ்கிரிப்ட் படிக்கவே இல்லை. அதையும் சேர்த்தால் ஒரு பைசா எதிர்ப்பக்கம் உதைத்தது! 9,525.50க்கு 9% என்பது 857.295. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டையும் தனித்தனியே 857.30 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள். நான் 18% ஒரே கணக்காகப் போட்டிருந்தேன். இப்போது பைசா பிசகாமல் 11,240.

லாரி வாடகையைப் பார்க்கச் சொன்ன அண்ணா, என் பில்லில் அது இல்லை. ஆனால் 5%, 18% சரக்கு கலந்த பில்லில் அடியில் ஒரே தள்ளுபடி இருந்தால் எப்படிப் பிரிப்பது? விகிதப்படி பிரித்தும் இரண்டு பில் இன்னும் இடிக்கிறது.